மண்டபத்துக்கும் போட்டோகிராஃபருக்கும் "வேறு இடம் முடிவாகிவிட்டது" என்று சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் நான்கு மண்டபங்களையாவது நேரில் போய்ப் பார்ப்போம், மூன்று போட்டோகிராஃபர்களிடமாவது கொட்டேஷன் வாங்குவோம். கடைசியில் தேர்வாவது ஒரு மண்டபமும் ஒரு போட்டோகிராஃபரும்தான். மீதி ஐந்து பேருக்கு என்ன சொல்வது என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. கிளம்பும்போது "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று சொன்னதோடு விஷயம் நின்றுவிடுகிறது. நம் வீடுகளில் அந்த வாக்கியத்துக்கு "வேண்டாம்" என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் மண்டப மேனேஜர் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அட்வான்ஸ் கொடுத்தவர்களும் முதலில் அதையே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் விற்பது கட்டடத்தையோ கேமராவையோ மட்டும் இல்லை, ஒரு தேதியை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியையும் பலர் தவிர்த்துவிடுவார்கள். மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்துக்கே போட்டி. அப்படிப்பட்ட ஒரு தேதியை உங்களுக்காக டைரியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கும்போது அதே தேதி கேட்டு வருகிற இன்னொரு குடும்பத்திடம் "ஒரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்வார்கள். அந்தக் குடும்பம் காத்திருக்காமல் வேறு இடம் போய்விட்டால், நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையால் அந்த முகூர்த்தம் காலியாகவே போகலாம். அதனால் நல்ல மறுப்பின் முதல் வேலை, தேதியைத் தெளிவாகத் திருப்பிக் கொடுப்பது. நன்றி அதற்கு அடுத்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே சொல்பவை எல்லாம் தானாகவே இடத்தில் உட்காரும்.

முதலில் ரசீது, பிறகு மறுப்பு, இரண்டும் ஒரே நாளில்

தேர்ந்தெடுத்த மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து ரசீது கைக்கு வரும்வரை மற்றவர்களுக்கு எதையும் சொல்லாதீர்கள். "உங்களுக்குத்தான் சார், வந்து அட்வான்ஸ் கொடுங்க" என்று போனில் சொன்ன இடத்தில்கூட, உரிமையாளரின் தம்பியோ பங்குதாரரோ அதே தேதியை வேறொருவருக்குக் கொடுத்திருப்பது உண்டு. இரண்டு பேர் இரண்டு டைரி வைத்திருக்கும் மண்டபங்களில் இது நடக்கும். அவசரப்பட்டு மற்ற மூன்று இடங்களையும் விட்டுவிட்டால் அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

ரசீது வாங்கும்போது அதில் எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த ஹால், வாடகை எவ்வளவு, ஜி.எஸ்.டி. உண்டா, கொடுத்த தொகை எவ்வளவு, யார் கையெழுத்து என்பவை இருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் கீழே பெரிய ஹாலும் மேலே மினி ஹாலும் உள்ள இடங்களில் ஹாலின் பெயரை விட்டுவிடக் கூடாது. போட்டோகிராஃபரிடம் தேதி, எத்தனை பேர் வருவார்கள், கேண்டிட் எடுக்கப்போவது யார் என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால் போதும்.

ரசீது வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள் மதியத்துக்குள், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். மூன்று நாள் தள்ளினால் அவர்களே கூப்பிடுவார்கள். அவர்கள் கேட்டு நீங்கள் சொல்வதற்கும், நீங்களாகக் கூப்பிட்டுச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

"தேர்ந்தெடுத்தது கைவிட்டுப் போனால்?" என்று ஒருவரைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. ரசீது இல்லாத நிலையில் அது நியாயம்தான், ஆனால் அதையும் சொல்லி வையுங்கள்: "இன்னொரு இடம் பேச்சில் இருக்கிறது சார், வியாழன் மாலைக்குள் உறுதியாகச் சொல்லிவிடுகிறோம், அதற்குள் வேறு பார்ட்டி வந்தால் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள்." ரசீது வந்த பிறகும் ஒருவரைத் தொங்கலில் விடுவது சரியில்லை.

பழைய வாட்ஸ்அப் சாட்டை ஒரு முறை படியுங்கள்

இது ஐந்து நிமிட வேலை. இதை விட்டவர்கள்தான் பின்னால் வாக்குவாதத்தில் மாட்டுகிறார்கள். மண்டபத்துக்கும் போட்டோகிராஃபருக்கும் உங்கள் வீட்டிலிருந்து யார் யார் மெசேஜ் அனுப்பினார்களோ அவர்கள் எல்லோருடைய சாட்டிலும் "ஓகே", "சரி சார்", "கன்ஃபார்ம்", "பிளாக் பண்ணிடுங்க" போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

கொட்டேஷன் வாங்கியதாலேயே உங்களுக்கு எந்தக் கடமையும் வந்துவிடாது. ஆனால் அந்தக் கொட்டேஷனுக்குப் பதில் எழுதும்போது உங்கள் வீட்டில் யாராவது "ஓகே, பிளாக் பண்ணிடுங்க" என்று அனுப்பியிருந்தால் அவர் அதை ஏற்பு என்றே படித்திருப்பார். வாட்ஸ்அப் பேச்சும் ஒப்பந்தத்துக்குச் சாட்சியாகலாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணு வழியில் செய்ததாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று ஆகிவிடாது என்கிறது. அப்படி ஒரு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போகாமல் மறுப்பிலேயே நேராகத் தொடுங்கள்: "12ஆம் தேதி என் தம்பி ஓகே என்று அனுப்பியிருந்தார். வீட்டில் முடிவாகும் முன்பே அனுப்பிவிட்டார், அது எங்கள் தவறு." இவ்வளவு சொன்னாலே பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள்.

அதே காரணத்துக்காக உங்கள் மறுப்பில் "கேன்சல்" என்ற சொல் வரவே கூடாது. புக் செய்யாத ஒன்றை கேன்சல் செய்ய முடியாது. அந்தச் சொல்லைப் போட்டால் புக்கிங் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல் ஆகி, கேன்சலேஷன் கட்டணத்தைப் பற்றிய பேச்சு கிளம்பும். இன்னொரு சங்கடமும் உண்டு. "செப்டம்பர் 10 கேன்சல் சார்" என்று மட்டும் படித்த மேனேஜர், கல்யாணமே நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வார். உங்களை அனுப்பி வைத்த சொந்தக்காரரிடம் அவர் துக்கம் விசாரித்தால் அது எங்கெங்கோ போய்ச் சேரும்.

யார் பேசுவது, எப்போது

விலை பேசியவர் யாரோ அவரே மறுப்பையும் சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பா பேரம் பேசிவிட்டு, மறுப்பை மட்டும் மகளை விட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால், மேனேஜர் மறுபடி அப்பாவைத்தான் கூப்பிடுவார். "பொண்ணு ஏதோ அனுப்பியிருக்கு, நீங்க சொல்லுங்க சார்" என்று முதலிலிருந்து தொடங்கும். சித்தப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் விசாரித்திருந்தால் யார் யாரிடம் பேசினார்கள் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேதியை நிறுத்தி வைத்தவருக்கும், வீடு தேடி வந்து ஆல்பம் காட்டியவருக்கும் முதலில் போன், பிறகு மெசேஜ். போனில் மட்டும் சொன்னால் டைரியை வைத்திருப்பவருக்குச் செய்தி போகாமல் போகலாம். மெசேஜ் மட்டும் அனுப்பினால், நூறு மெசேஜுக்குள் அது புதைந்துவிடும். விலைப்பட்டியலை பி.டி.எஃப்பாக மட்டும் அனுப்பியவருக்கு மெசேஜே போதும்.

முகூர்த்த நாளில் கூப்பிடாதீர்கள். விடியற்காலையிலிருந்து அவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் சொன்னது காதில் விழுந்தாலும் டைரியில் ஏறாது. முகூர்த்தம் இல்லாத நாளில் காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

மண்டபம்: ஒரு கணக்கும் ஒரு கடிதமும்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நங்கநல்லூரில் உள்ள ஒரு குடும்பத்துக்கு ஆவணியில் முகூர்த்தம், செப்டம்பர் 10 வெள்ளி காலை. முந்தின நாள் வியாழன் மாலை ரிசப்ஷன். கடைசியாக இரண்டு மண்டபங்கள் மிஞ்சின.

முதல் மண்டபத்தின் வாடகை 2,40,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 43,200 சேர்த்தால் 2,83,200. ஈ.பி. மீட்டர் கணக்குப்படி தனி, ஜெனரேட்டர் மணிக் கணக்கில் தனி, கிளீனிங் 15,000. சமையல் மட்டும் மண்டபத்தோடு ஒப்பந்தம் உள்ள கேட்டரரிடம்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது மண்டபத்தின் வாடகை 3,00,000. ஜி.எஸ்.டி. 54,000 சேர்த்து 3,54,000. கிளீனிங் வாடகைக்குள் அடக்கம், வெளிச் சமையல்காரரை அழைத்து வரலாம். காகிதத்தில் 70,800 ரூபாய் கூடுதல், கிளீனிங்கைக் கழித்தால் 55,800. ஆனாலும் இந்தக் குடும்பம் இரண்டாவதையே எடுத்தது. மூத்த மகள் கல்யாணத்துக்குச் சமைத்தவரே இதற்கும் சமைக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம், அவருக்கு இலைக்கு ஆகும் செலவு கேட்டரரைவிடக் குறைவும்கூட.

முதல் மண்டபத்துக்குச் சொல்ல வேண்டிய காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: சமையல். அது உண்மை, மேனேஜரால் உடனே மாற்ற முடியாதது, அவரைக் குறை சொல்வதும் இல்லை. இந்த மூன்றும் பொருந்துகிற ஒரே ஒரு காரணத்தைச் சொல்லுங்கள், இரண்டு சொல்லாதீர்கள். "பார்க்கிங் பத்தலை, ரூம் சின்னது, சமையலும் ஒத்துவரலை" என்று மூன்றை அடுக்கினால் அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி சொல்லத் தொடங்குவார், பேச்சு மறுப்பிலிருந்து பேரத்துக்கு மாறிவிடும்.

போனில் இப்படிப் பேசலாம்:

> "வணக்கம் சார், நங்கநல்லூர்ல இருந்து பேசுறேன். செப்டம்பர் 10 முகூர்த்தத்துக்கு மண்டபம் பார்க்க வந்தோமே... ஆமா சார். நாங்க வேற இடத்துல அட்வான்ஸ் கொடுத்துட்டோம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எங்களுக்காக அந்தத் தேதியை வெச்சிருந்தீங்கன்னா இனிமே வேற யாருக்கு வேணும்னாலும் கொடுத்துடுங்க சார். விவரமா வாட்ஸ்அப்லயும் போட்டுடறேன்."

முதல் மூன்று வாக்கியத்துக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும். சௌக்கியம் விசாரித்து, மண்டபத்தைப் புகழ்ந்து, பிறகு "ஆனா" என்று இழுத்தால் அவர் அதுவரை புக்கிங் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். ஏமாற்றம் அப்போதுதான் அதிகம்.

பிறகு அனுப்பும் மெசேஜ்:

> வணக்கம் சார்.
>
> செப்டம்பர் 9 வியாழன் மாலை ரிசப்ஷன், செப்டம்பர் 10 வெள்ளி காலை முகூர்த்தம், இந்த இரண்டுக்கும் உங்கள் பெரிய ஹாலைப் பார்த்து கொட்டேஷன் வாங்கியிருந்தோம். போனில் சொன்னபடி, நாங்கள் வேறு மண்டபத்தை முடிவு செய்துவிட்டோம். இந்த இரண்டு நாட்களையும் எங்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.
>
> எங்கள் வீட்டுச் சமையல்காரரையே அழைத்து வர வேண்டியிருந்ததால் இந்த முடிவு.
>
> வாடகை, ஈ.பி., ஜெனரேட்டர், கிளீனிங் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருந்தீர்கள். செலவு எங்கே வரும் என்று எங்களுக்குப் புரிந்ததே அதைப் பார்த்த பிறகுதான். ஞாயிற்றுக்கிழமையில் நேரம் ஒதுக்கி சமையற்கட்டு வரை கூட்டிப் போய்க் காட்டியதற்கும் மிக்க நன்றி.

தேதியைக் கிழமையோடும் வேளையோடும் எழுதியதற்குக் காரணம் உண்டு. சென்னை மண்டபங்கள் பெரும்பாலும் முந்தின நாள் மதியத்திலிருந்து மறுநாள் மதியம் வரை ஒரே வாடகையாகக் கணக்கிடுகின்றன. டைரியில் அதை 9ஆம் தேதியில் எழுதியிருக்கிறார்களா 10ஆம் தேதியிலா என்பது இடத்துக்கு இடம் மாறும். "10ஆம் தேதி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால், 10 மாலையிலிருந்து தொடங்கும் அடுத்த முகூர்த்தத்தை அவிழ்த்துவிட்டு உங்களுடையதை அப்படியே வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

நன்றி சொல்லும் வரியில் அவர் செய்த ஒரு காரியம் பெயரோடு இருக்க வேண்டும். "உங்கள் நேரத்துக்கு நன்றி" என்பதை யாருக்கும் அனுப்பலாம், அதனால் யாருக்கும் அது பதிவதில்லை. ஈ.பி.யையும் ஜெனரேட்டரையும் மறைக்காமல் முன்பே எழுதிக் கொடுக்கும் மேனேஜர் உண்மையிலேயே பாராட்டத் தக்கவர், ஏனென்றால் வாடகையை மட்டும் குறைத்துச் சொல்லிவிட்டு மீதியைக் கணக்கு முடிக்கும் அன்று நீட்டுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். எது உங்களுக்கு உதவியது என்று எழுதினால், அடுத்த குடும்பத்துக்கும் அவர் அப்படியே எழுதிக் கொடுப்பார்.

டிரஸ்டோ சபாவோ நடத்தும் மண்டபமாக இருந்தால் மெசேஜோடு நிறுத்த வேண்டாம். அங்கே பல இடங்களில் அலுவலகப் பதிவேட்டில்தான் கணக்கு. விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு ஆபீஸில் கொடுங்கள்.

போட்டோகிராஃபர்: இங்கே நன்றிக்கு எடை கூடுதல்

மண்டப மேனேஜர் உங்களுக்குக் காட்டியது ஏற்கெனவே நிற்கிற ஒரு கட்டடம். போட்டோகிராஃபர் உங்களுக்காக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். ரிசப்ஷனுக்கு இரண்டு பேர், முகூர்த்தத்துக்கு மூன்று பேர், டிரெடிஷனல் போட்டோவும் வீடியோவும், கேண்டிட் தனி, ஆல்பம் எத்தனை ஷீட், எத்தனை நாளில் டெலிவரி என்று யோசித்து எழுதியது அவரே. அவுட்டோர் ஷூட்டுக்கு இடமும் நேரமும் சொல்லி ஒரு கான்செப்ட் கொடுத்திருந்தால் அது இன்னும் பெரிய உழைப்பு. அதனால்தான் அவருக்கு மறுப்பு கொஞ்சம் வலிக்கும். தன் படங்கள் பிடிக்கவில்லை என்றே அவர் முதலில் எடுத்துக்கொள்வார்.

> வணக்கம் தம்பி.
>
> செப்டம்பர் 9 மாலை, 10 காலை, இரண்டுக்கும் நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். வேறொருவரை முடிவு செய்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். இந்தத் தேதிகளை நீங்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.
>
> வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்காக லைவ் ஒளிபரப்பும் அதே குழுவே செய்ய வேண்டும் என்று நினைத்தோம், அதனால் இப்படி முடிவானது.
>
> ஊஞ்சலுக்கு யார் எங்கே நின்று எடுப்பார்கள் என்பது வரை எழுதியிருந்தீர்கள். இரண்டு ஆல்பங்களைக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் பொறுமையாகக் காட்டினீர்கள். மிக்க நன்றி. நீங்கள் கொடுத்த அவுட்டோர் ஷூட் யோசனையை நாங்கள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

"தம்பி" என்று எழுதுவது பேசும்போது அப்படிக் கூப்பிட்டிருந்தால் மட்டும். இதுவரை "சார்" என்று பேசிவிட்டு மறுக்கும்போது "தம்பி" என்றால் மட்டம் தட்டியது போல் இருக்கும். மாப்பிள்ளையே பேசி, இருவரும் "ப்ரோ" என்று பழகியிருந்தால் அதையே தொடரலாம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அதை எழுத வேண்டுமென்றால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஒருவர் கொடுத்த கான்செப்டை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்து "இதே மாதிரி வேணும்" என்று கேட்பது பரவலாக நடக்கிறது. செய்யாதீர்கள். அந்த பி.டி.எஃப்பில் உள்ள படங்கள் அவருடையவை, யோசனையும் அவருடைய உழைப்பு. நடைமுறையில் இன்னொன்றும் இருக்கிறது. பெரிய முகூர்த்த நாட்களில் இவர்கள் ஒருவர் குழுவில் ஒருவர் வேலை செய்வார்கள். நீங்கள் மறுத்தவரே நீங்கள் தேர்ந்தெடுத்தவரின் இரண்டாவது கேமராவாக உங்கள் மண்டபத்துக்குள் நுழையலாம். அவர் விலையை இவரிடமும் இவர் விலையை அவரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று இரண்டு பக்கமும் கூச்சம் இருக்காது.

"உங்கள் படங்களைவிட அவர் படங்கள் இயல்பாக இருந்தன" என்பது உண்மையான காரணமாக இருந்தால் என்ன செய்வது? ஒப்பீட்டை விட்டுவிட்டு விருப்பத்தை மட்டும் சொல்லுங்கள்: "வீட்டில் எல்லோரும் வேறொரு பாணியை விரும்பினார்கள்." பொய்யும் இல்லை, காயமும் இல்லை. அவரே வற்புறுத்திக் கேட்டால் மட்டும் ஒன்றைச் சொல்லலாம், அதுவும் அவரால் மாற்றிக்கொள்ளக் கூடியதாக. "நீங்கள் காட்டிய ஆல்பங்களில் ரிசப்ஷன் படங்கள்தான் அதிகம், முகூர்த்தப் படங்கள் குறைவாக இருந்தன" என்பது அவருக்குப் பயன்படும்.

வெறும் விலைப்பட்டியல் அனுப்பியவருக்கு இவ்வளவு வேண்டாம்: "வணக்கம். செப்டம்பர் 9, 10 கல்யாணத்துக்கு விலை கேட்டிருந்தோம். வேறொருவரை முடிவு செய்துவிட்டோம். உடனே பதில் அனுப்பியதற்கு நன்றி." இந்த நான்கு வரியே மரியாதைதான்.

"எவ்வளவுக்கு முடிச்சீங்க, நான் பார்த்துப் பண்ணித் தரேன்"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இதற்குப் பதிலை முன்பே தீர்மானித்து வைக்காதவர்கள்தான் தடுமாறுகிறார்கள். தொகையைச் சொன்னால் அவர் அதற்கு ஐயாயிரம் கீழே இறங்குவார், உங்கள் மனைவி பக்கத்திலிருந்து "கேளுங்களேன்" என்பார், கொடுத்த அட்வான்ஸ் வேறு கண் முன்னால் வரும். தவிர, அது இன்னொருவர் நம்பிக் கொடுத்த விலை, வெளியே சொல்ல நமக்கு உரிமை இல்லை.

> "இல்ல சார், விலைக்காக மாத்தலை. அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கியாச்சு, இனிமே மாத்துறதா இல்லை. நீங்க கேட்டதுக்கு நன்றி சார்."

உண்மையிலேயே விலைதான் தடை என்றால், அதைப் பேச வேண்டிய நேரம் மறுப்புக்கு முன்னால். "உங்கள் மண்டபம்தான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஜி.எஸ்.டி. உட்பட இரண்டரை லட்சத்துக்குள் வருமா?" என்று முடிவெடுக்கும் முன் நேராகக் கேட்டுவிடுங்கள். வராது என்றால் காரணத்தை மறைக்க வேண்டியதில்லை: "எங்கள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை சார்" என்று உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். "உங்க ரேட் அதிகம்" என்பது அவர் பக்கத்தைக் குறை சொல்வது. கேட்காமலே மறுத்துவிட்டு, அவர் குறைத்ததும் திரும்பிப் போனால், ரசீது கொடுத்த இன்னொருவரை ஏமாற்றியதாகிவிடும்.

இரண்டாம் முறையும் கூப்பிட்டால் அதே வாக்கியத்தை அதே சொற்களில் சொல்லுங்கள். மூன்றாவது முறைக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

போகிற போக்கில் "நிச்சயமா சீமந்தத்துக்கு உங்ககிட்டதான்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மறுப்பை இனிப்பாக்க நாம் சொல்வது அது, அவர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார். நிஜமாகவே நிச்சயதார்த்தத்துக்கோ அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கோ அவரைக் கூப்பிடும் எண்ணம் இருந்தால், மாதத்தோடு சொல்லுங்கள்.

டோக்கன் கொடுத்திருந்தால்

தேதியைப் பிடித்து வைக்க ஐயாயிரமோ பத்தாயிரமோ டோக்கனாகக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம். அங்கே நீங்கள் கொட்டேஷனை மறுக்கவில்லை, ஒப்புக்கொண்ட ஒன்றிலிருந்து விலகுகிறீர்கள். ரசீதின் பின்பக்கத்தையும் அடியிலுள்ள சிறிய எழுத்தையும் முதலில் படியுங்கள். "டோக்கன் திருப்பித் தரப்படாது" என்று இருந்தால் சட்டம் பேசி அதட்டுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. அதே தேதி வேறொருவருக்குப் போனால் திருப்பித் தர முடியுமா என்று கேட்பதே வேலை செய்யும், ஏனென்றால் அப்போது அவருக்கு நஷ்டம் இல்லை. அதனால்தான் இங்கேயும் சீக்கிரம் சொல்வது உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறது.

பணத்தை நன்றி மெசேஜுக்குள் கலக்காதீர்கள். போனில் கேட்டுவிட்டு, தனி மெசேஜில் தொகை, கொடுத்த நாள், யூ.பி.ஐ. பரிவர்த்தனை எண், எப்போது தருவதாகச் சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

சிபாரிசு செய்தவருக்கு முதலில்

போட்டோகிராஃபரை அறிமுகப்படுத்தியவர் உங்கள் மாமா என்றால், போட்டோகிராஃபருக்குச் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது மாமாவுக்குச் சொல்லுங்கள். "மாமா, நீங்க சொன்ன தம்பி நல்லா விவரமா பேசினாரு. லைவ் வேணும்ங்கறதால வேற ஒருத்தரை முடிவு பண்ணியிருக்கோம். நானே அவர்கிட்ட பேசிடறேன், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." இதைத் தலைகீழாகச் செய்தால் போட்டோகிராஃபர் மாமாவைக் கூப்பிடுவார், விஷயமே தெரியாத மாமா "நான் பேசிப் பார்க்கறேன்" என்பார், நீங்கள் முடித்த ஒன்று மறுபடி தொடங்கும்.

தேர்ந்தெடுத்த இடம் பின்னால் கைவிட்டுப் போனால்

மண்டபத்தில் வேலை நடக்கிறது, திறப்பு தள்ளிப்போகிறது என்றோ, போட்டோகிராஃபருக்கு உடம்பு சரியில்லை என்றோ ஒரு மாதம் கழித்துச் செய்தி வரலாம். அப்போது மறுத்தவரிடமே திரும்பிப் போகலாம், ஆனால் பழைய கொட்டேஷனை நீட்டாதீர்கள். உங்கள் மறுப்போடு அது முடிந்துவிட்டது, அதே விலையில் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. முதலில் தேதி இருக்கிறதா என்று கேளுங்கள்: "சார், போன மாசம் வேற இடம் முடிவாயிடுச்சுன்னு சொன்னேன். அந்த இடத்துல ஒரு சிக்கல் ஆயிடுச்சு. செப்டம்பர் 9 மாலையும் 10 காலையும் உங்ககிட்ட இன்னும் காலியா இருக்கா? இருந்தா இப்போ என்ன ரேட்டுன்னு சொல்லுங்க, இன்னிக்கே நேர்ல வரோம்." நேரில் போகும்போது அட்வான்ஸ் தொகையைக் கையோடு கொண்டு போங்கள்.